அமாவாசைக்கும் அலைக்கும்

எங்கள் தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சிவப்பு மை. காலைக் கூட்டத்து அறிவிப்பு எதுவும் அவர் பேனா படாமல் மேடை ஏறாது. ‘நாளை விடுமுறை’ என்று எழுதிக் கொடுத்தாலும் நடுவில் ஒரு கால்புள்ளி வைப்பார். வைத்ததை ஊரறியச் சொல்லவும் வேண்டும். அதனால் ஒவ்வோர் அறிவிப்பும் ‘பிழை நீக்கித் திருத்தியவர் நம் தலைமையாசிரியர் ஐயா’ என்று முடியும். பிள்ளைகள் அறிவிப்பு முழுவதையும் மனப்பாடம் செய்து ஒரே குரலில் ஒப்பிக்க வேண்டும்.

நான் அறிவியல் ஆசிரியை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. விளையாட்டு விழாவுக்கு வரும் ஆய்வாளர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் வீட்டில் மாமியாரின் பேச்சுதான் நிரந்தரம்.

பள்ளிக்கூடம் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. மைதானம் கிடையாது, விழா மணலில்தான். அதனால் கடல் ஏறி இறங்குவதைப் பற்றி அறிவிப்பு எழுதச் சொன்னார் தலைமையாசிரியர். எழுதினேன்:

‘நிலா தனக்கு நேரே உள்ள கடலை அதிகமாகவும், பூமியின் மறுபக்கத்துக் கடலைக் குறைவாகவும் இழுக்கிறது. அதனால் இரு பக்கமும் நீர் புடைக்கிறது. பூமி சுழலும்போது நம் கரை அந்த இரு புடைப்புகளையும் கடப்பதால், நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியனும் அதே கோட்டில் சேர்ந்து இழுப்பதால் ஏற்றமும் அதிகம், வற்றுதலும் அதிகம்.’

சிவப்புப் பேனா அமாவாசையில் வந்து நின்றது.

“என்ன டீச்சர் இது? அமாவாசைக்கும் அலைக்கும் என்ன சம்பந்தம்?”

“அன்னைக்குச் சூரியனும் நிலாவும் ஒரே பக்கம் நின்னு இழுக்கும் சார்.”

“நிலாவே இல்லாத அன்னைக்கு நிலா எப்படிம்மா இழுக்கும்? லீவுல போன வாத்தியார் பாடம் நடத்துவாரா?”

“நிலா இருக்கும் சார். பகல்ல சூரியனோடயே போகும். வெளிச்சம் படுற பக்கம் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

“தெரியாததையெல்லாம் இருக்குன்னு நோட்டீஸ்ல போட முடியாது.”

அடித்தார். ‘அமாவாசையன்று நிலா இல்லாததால் கடல் ஓய்ந்திருக்கும்’ என்று எழுதினார். எழுதிய கையோடு விளையாட்டு விழாவையும் வருகிற அமாவாசைக்கே குறித்தார்.

தமிழாசிரியை அக்காவிடம் போய்ப் புலம்பினேன்.

“எழுத்துப் பிழைன்னா நான் சண்டை போடுவேன்டி. கடல் பிழைக்கு யார் போடறது? வாயை மூடிக்கிட்டு முதல்ல கையெழுத்தை வாங்கு” என்றாள்.

விழா அன்று காலையில் கடல் எங்கோ தள்ளிப் போயிருந்தது. இத்தனை மணலை நான் பார்த்ததே இல்லை. தலைமையாசிரியர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“பாத்தீங்களா டீச்சர்? ஓய்ஞ்சு கிடக்கு.”

“இவ்வளவு வத்தினா இதே அளவுக்கு ஏறவும் செய்யும் சார். சாயங்காலம் மேடை நனைஞ்சிடும்.”

“நோட்டீஸ் என்ன சொல்லுது?”

தானே எழுதி, தானே நம்பி, அதையே எனக்குச் சாட்சியாகவும் காட்டுகிற மனிதரிடம் என்ன பேசுவது? மேடையை இன்னும் கீழே, இறுகிய ஈர மணலில் போட்டார்கள். பிள்ளைகள் செருப்பைச் சாலையோரச் சுவர்மேல் வைத்தார்கள். ஆசிரியர்கள் மேடையடியில் விட்டோம்.

ஓட்டப்பந்தயம் முடிந்து, தலைமையாசிரியர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மேடையில் ஆய்வாளருக்குப் போட்டிருந்த சோபாவின் கால் நனைந்தது. ஆய்வாளர் காலைத் தூக்கிக்கொண்டார். பேச்சு நிற்கவில்லை. அடுத்த அலை முழங்காலுக்கு வந்தது. மைக் இருமிவிட்டு அணைந்தது. என் செருப்பு எனக்கு முன்னால் மிதந்து போனது.

சாலைக்கு ஏறி நின்று, பேண்ட்டைப் பிழிந்தபடியே ஆய்வாளர் கேட்டார்: “யாருங்க இந்த நாளைக் குறிச்சது?”

தலைமையாசிரியர் கொஞ்சமும் கூசாமல் என்னைக் காட்டினார். “இந்த டீச்சரோட நோட்டீஸ் சார். அமாவாசையில கடல் ஏறாதுன்னு எழுதிக் கொடுத்தாங்க. எனக்கு அறிவியல் என்ன தெரியும்? நம்பிட்டேன்.”

“நிரந்தரம் கேட்டிருக்கிறது இவங்கதானா?”

நல்லவேளை, ஆய்வாளர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “நோட்டீஸ்ல என்னப்பா இருந்தது?”

கேட்டதுதான் தாமதம். நனைந்த பிள்ளைகள் வரிசையில் நின்று, முதல் வரியிலிருந்து ஒரே குரலில் ஒப்பித்தார்கள். ‘அமாவாசையன்று கடல் ஓய்ந்திருக்கும்’ என்பது வந்தது. ‘எழுதியவர் அறிவியல் ஆசிரியை’ என்பதும் வந்தது. தலைமையாசிரியர் தலையாட்டி, “போதும், போதும்” என்றார். அவர் பழக்கிய பழக்கம், பாதியில் நிற்குமா? மூச்சை இழுத்துக்கொண்டு, அவர் ஆசைப்பட்ட அதே சத்தத்தில் முடித்தார்கள்: “பிழை நீக்கித் திருத்தியவர் நம் தலைமையாசிரியர் ஐயா!”

ஆய்வாளர் நிதானமாகத் திரும்பினார். “எந்தப் பிழையை நீக்கினீங்க சார்?”

நான் சொன்னேன்: “அமாவாசையை, சார்.”

என்னை நிரந்தரமாக்கும் ஈரத் தாளில் ஆய்வாளரின் கையெழுத்து லேசாகப் பரவியது. பரவினால் என்ன, கையெழுத்து கையெழுத்துதான்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டார். முகத்தில் ஒரே பெருந்தன்மை.

“இனிமே திருத்தினவர்னு என் பேரு வேண்டாம் டீச்சர். புகழெல்லாம் உங்களுக்கே இருக்கட்டும்.”

அன்றைய அறிவிப்பை வாங்கிப் பார்த்தேன். மூன்று இடத்தில் சிவப்பு மை.