நஜாத்தின் பேருக்கு வந்த பதில்

கணவர் இறந்தபின் இருந்த இத்தா முடிந்து சிபானா புத்தளத்திலுள்ள தன் பேக்கரிக்குத் திரும்பினாள். ஒப்பந்தத்தில் பதினெட்டு வீதம் என்றிருந்த கமிஷனை, அவள் வீட்டிலிருந்த மாதங்களெல்லாம் டெலிவரிக் கம்பனி இருபத்தைந்தாகக் கூட்டி வெட்டியிருந்தது. இப்படியே போனால் அடுத்த மாதம் மா வாங்க முடியாது.

கடிதம் அனுப்பினாள். பதிவுசெய்த மின்னஞ்சலிலிருந்து வந்தால்தான் பார்ப்போம் என்று பதில் வந்தது. பதிவுசெய்திருந்தவர், மௌத்தான அவள் கணவர் நஜாத்.

"அவர்ட போன் ஈக்கிதானே தாத்தா? அதிலயிருந்து அனுப்புங்க," என்றான் பணிஸ் எடுக்க வந்த, அவளை அக்கா முறையில் தாத்தா என்றழைக்கும் டெலிவரிக்கார ஹஸ்மி.

"மௌத்தானவர் முறைப்பாடு செய்யிறதா?"

"கம்பனிக்கு ஆள் தேவல்ல தாத்தா, மின்னஞ்சல்தான் தேவ."

ஒப்பந்தத்தையும் வாராந்தக் கணக்குக் கூற்றுகளையும் இணைத்து அனுப்பினாள். கணவர் இறந்த செய்தியையும் எழுதி, தன் பேரையே கீழே போட்டாள்.

சில நாள் கழித்து, பேக்கரியில் அவள் மட்டும் இருந்த மத்தியானம், நஜாத்தின் போன் ஒலித்தது; கம்பனியின் மின்னஞ்சல். கூடுதலாக வெட்டியதை அடுத்த கொடுப்பனவில் சேர்ப்பார்களாம். ஆனால் கடிதம், "அன்புள்ள நஜாத், நீங்கள் நலமென நம்புகிறோம்," என்றுதான் தொடங்கியிருந்தது.

"சல்லி வருதாம்," என்று சிபானா பழக்கத்தில், நஜாத் நின்று பணிஸ் சுடும் போறணைப் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

போறணை ஆறிப்போய்க் கிடந்தது.