காசிலிங்கம் துண்டு வீசிய விதம்

தணிகாசலம் கடலோடு போன காலையைத் துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் காசிலிங்கம் சொன்னான். புருஷன் மூச்சு வாங்க நிறுத்துகிற இடம்கூட அங்கம்மாளுக்கு மனப்பாடம்.

"தம்பி தண்ணியில வுழுந்துட்டான். துண்ட துடுப்புல கட்டி நட்டமா தூக்கிப் புடிச்சேன். கூப்புடு தூரத்துல தெய்வசிகாமணி கட்டுமரம். பாத்தான். பாத்துட்டு மரத்த திருப்பிக்கினு போயிட்டான்."

துடுப்பில் துணி ஏறினால் உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம், பகையாளியானாலும் போயாக வேண்டும். குருசுக்குப்பத்தில் அதற்குமேல் ஒரு கட்டுப்பாடு கிடையாது. பிரெஞ்சுக்காரன் போன பிறகும் அது போகவில்லை. தெய்வசிகாமணி அவள் கூடப்பிறந்த அண்ணன். வலைப் பங்குத் தகராறில் மச்சான் இரண்டு பேருக்கும் பேச்சு நின்று வெகுநாள். அதற்காக ஒரு உயிரைச் சாகவா விடுவான்? அவன் பெயரைக் கேட்டாலே அவளுக்கு வயிறு எரிந்தது. சாயங்காலம் இதை விசாரிக்க ஊர் கூடுகிறது. ஒதுக்கிவிட்டால் அவன் மரம் கடலில் இறங்காது, பிள்ளைகள் பட்டினிதான்.

கருமாதி முடிந்து அன்றுதான் மீன் கூடை தூக்கியிருந்தாள். மார்க்கெட்டில் அண்ணன் எதிரே வந்து நின்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"துடுப்புல துணி ஏறல அங்கம்மா. மீன் கூட்டம் கண்டா வீசுவமே, அப்பிடி மச்சான் துண்டக் கையில சுத்திச் சுத்தி வீசினாரு. ரெண்டு பேரும் மரத்து மேல நின்னாங்க. தணிகாசலம் சிரிச்சிக்கினு வான்னான். உங்க மீனு எனக்கு இன்னாத்துக்குன்னு ரோசத்துல திரும்பிட்டேன். அப்பறம் வலை இழுக்கறப்ப வுழுந்திருப்பான். நான் போயிருந்தா இன்னும் ரெண்டு கை இருந்திருக்கும். அதுக்கு வேணும்னா என்னைய அடி. சாவறவன வுட்டுட்டு வந்தவன் நான் இல்ல."

பொய் என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். கூடையைக் கீழே வைத்தாள். தணிகாசலம் போனதற்கு முந்தின ராத்திரி அண்ணனோடு பேசச் சொல்லி அவள் அழுததும், "சரி வுடு, நாளைக்கி மீன் பட்டா உங்கண்ணன கூப்புடறேன்" என்று புருஷன் சொன்னதும் அவளுக்கு மட்டும்தானே தெரியும். கூப்பிட்டிருக்கிறார். நீட்டின கையை அண்ணன் தட்டிவிட்டான். அந்த ஆத்திரத்தில் இவர் பேச்சில் துண்டைத் துடுப்பில் ஏற்றிவிட்டார். தெரிந்தே சொல்கிறாரா, சொல்லிச் சொல்லி அப்படியே நம்பிவிட்டாரா? வாயைத் திறந்தால் புருஷன் பொய்யன். மூடினால் அண்ணன் கொலைகாரன். எங்கேயாவது போய்ப் படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

சாயங்காலம் ஊர்ப் பெரியவர் ஆதிமூலம் ஒரு துடுப்பை மணலில் போட்டார்.

"எப்பிடித் தூக்கின? காட்டுப்பா."

காசிலிங்கம் தோள் துண்டை எடுத்துத் துடுப்பில் கட்டினான். முடிச்சு நிற்கவில்லை. மறுபடி கட்டினான், துண்டு நழுவி மணலில் விழுந்தது. அவன் குனியவில்லை. பெண்கள் நிற்கிற ஓரத்தையே பார்த்தான். எதிரே தெய்வசிகாமணியும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கம்மாள் ஆண்களை விலக்கிக்கொண்டு நடுவே வந்தாள். துண்டை எடுத்து, மணல் போக உதறி, துடுப்பைத் தொடாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.