டிராக்டர் கழுவும் நேரம்

காலை பத்து மணிக்கு மதில் சுவரை ஒட்டிப் பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்துவின் டிராக்டர் வந்து நின்றால் போதும், தேவிப்ரியாவின் தூக்கம் தொலைந்தது. மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு வந்து வண்டி கழுவுகிற மனுஷன், தெருவுக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் பாட்டு வைப்பார். அவளோ கள்ளக்குறிச்சியில் நைட் டியூட்டி பார்க்கிற நர்ஸ். முந்தாநாள் சிரிஞ்சில் மருந்தைத் தவறான அளவில் எடுத்துவிட்டாள். ஊசி போடுவதற்குள் கூட இருந்த நர்ஸ் பார்த்துத் தடுத்தாள்.

இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவள் கணவன் சுபாஷ் ஆத்திரத்தோடு போனில் தட்டினான்: 'மரியாதையா பாட்ட நிறுத்து. இல்லாட்டி போலீசுல எழுதிக் குடுப்பேன்.' அதையும் தெரு வாட்ஸப் குரூப்பிலேயே போடப் போனான். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நாலு பேரு முன்னாடி அசிங்கப்படுத்துனா அவரு இன்னொரு ஸ்பீக்கரு வாங்குவாருங்க."

பிச்சைமுத்துவின் நம்பருக்கு மட்டும் அவளே எழுதினாள்: 'அண்ணே, நல்லா இருக்கீங்களா? முடிஞ்சா சத்தம் கொஞ்சம் கம்மியா இருந்தா நல்லா இருக்கும்.' பதிலுக்குக் கட்டைவிரல் படம் வந்தது. பாட்டு அப்படியே ஓடியது. குழைந்து குழைந்து பேசி விஷயத்தை முழுங்கினால் வேறென்ன நடக்கும்?

மறுநாள் பத்து மணிக்குப் பாட்டு தொடங்கியதும் எழுந்து உட்கார்ந்து, நிதானமாக எழுதினாள்.

'அண்ணே, பக்கத்து வூட்டு தேவிப்ரியா. நைட் டியூட்டி முடிச்சி ஒம்பது மணிக்குப் படுக்கறேன். பத்து மணிக்குப் பாட்டுல முழிப்பு வந்துடுது. தூக்கம் இல்லாம ஊசி போடறதுலயே தப்பு பண்ணப் பாத்தேன். ஒம்பதுல இருந்து ஒரு மணி வரைக்கும் மட்டும் ஸ்பீக்கர நிறுத்தி வெக்கிறீங்களா? வண்டி தாராளமா கழுவுங்க, அது தொந்தரவு இல்ல. எங்களால உங்களுக்கு எதனா தொந்தரவுன்னாலும் சொல்லுங்க, மாத்திக்கிறோம்.'

"கடைசி வரி எதுக்கு? எடு அத," என்றான் சுபாஷ்.

"கேக்கறது நாம. அவரு சொல்றதையும் கேட்டாத்தான முறை?"

அனுப்பிவிட்டாள். சற்று நேரத்தில் பாட்டு பாதியில் நின்றது. பிச்சைமுத்துவின் குரல் பதிவு வந்தது. அவள் சத்தமாகவே போட்டாள்.

"நிறுத்திட்டம்மா. இனிமே அந்த நேரத்துல வெக்க மாட்டேன். நானும் ராத்திரி முச்சூடும் ஆலை வாசல்ல நின்னுக்கினு இருக்கறவன். மத்தியானம் ரெண்டு மணிக்குப் படுத்தா, சுவத்துக்கு அந்தாண்ட உங்க தண்ணி மோட்டரு ஓடுது. போன சீசன்லயே வந்து சொன்னேன். என் மோட்டரு, என் கரண்ட்டு, உனக்கு இன்னான்னு உன் வூட்டுக்காரரு கதவ சாத்திட்டாரு. அன்னிக்கு வாங்குனதுதான் இந்த ஸ்பீக்கரு."

சுபாஷ் சுவரைப் பார்த்தான்.

'நாளையிலேந்து மோட்டரு காலைல எட்டு மணிக்குத்தான் ஓடும்ண்ணே,' என்று அவள் பதில் எழுதினாள். பிறகு கணவனிடம் திரும்பினாள். இப்போது அவன் மேல் வந்த அளவுக்குக் கோபம் அவளுக்குப் பிச்சைமுத்துவின் மேல்கூட ஒருநாளும் வந்ததில்லை.

"எட்டு மணிக்கு நீங்கதான் போடணும். இப்ப வெளிய போங்க, நான் தூங்கணும்."