நாத்தனார் பிடித்த குறைகள்

பிழைக்க வந்த நாட்டில், போன மாதம் முப்பதாம் தேதி வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தோம். அட்வான்ஸில் சுவர்க் கறை, கதவுக் கீறல், துப்புரவு என்று மூன்று பிடித்தம் போட்டார் வீட்டுக்காரர்.

"போனாப் போகுது, விடு" என்றார் என் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே வீடியோ காலில், "அய்யே, சுவரெல்லாம் கறை! கதவுல கீறல் வேற!" என்று நாத்தனார் மூக்கைச் சுளித்து, ஒவ்வொன்றையும் வட்டமிட்டுப் படமாக அனுப்பியிருந்தார். ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை.

துப்புரவுச் செலவை மட்டும் ஒப்புக்கொண்டு, காலி செய்த தேதியைக் குறிப்பிட்டு, தேதி போட்ட அந்தப் படங்களை இணைத்து மெயில் அனுப்பினேன். நான்காம் நாள் மீதி முழுவதும் வந்தது.

உடனே நாத்தனாரை அழைத்தேன்.

"அண்ணி, புது வீட்டைக் காட்டுறேன். வாய் வலிக்கிற வரைக்கும் குறை சொல்லுங்க!"