தையல்காரரின் புள்ளி

பள்ளிக்கூட வராந்தாவில் சுகாதாரப் பணியாளர் காய்ச்சல் வரைபடத்தை மாட்டியதும் வந்தவர்கள் முகத்தில் நிம்மதி. கோடு விறுவிறுவென்று ஏறி, பிறகு சறுக்கிக்கொண்டே வந்து தரையைத் தொட்டுக் கிடந்தது.

"கீழ இருக்கறது வாரம். மேல போறது அந்த வாரம் புதுசா காய்ச்சல் ஆரம்பிச்சவங்க எண்ணிக்கை," என்றாள்.

"அப்ப காய்ச்சல் மூட்டை கட்டிடுச்சுன்னு சொல்லுங்கக்கா!" என்றார் மளிகைக்காரர். "இனி தொட்டித் தண்ணியக் கவுக்க ஆள் வராது."

எல்லோரும் சிரித்தார்கள். கொசுப்புழு கிடந்த தொட்டிகளைக் காலி செய்ய வைத்த நாளிலிருந்து, அவளைக் கண்டாலே கதவுகள் சாத்திக்கொண்டன. உட்காரச் சொன்ன வீடுகளிலும் இப்போது, "யாருக்கும் ஒண்ணுமில்ல" என்று ஜன்னல் குரல் மட்டும்தான். தெருவெல்லாம் நடந்தும் ஒரு முகம் பார்க்காமல் திரும்பிய நாட்கள் உண்டு. கோடு இப்படியே கிடந்தால், சனிக்கிழமை ரத்தப் பரிசோதனை முகாமை மேலிடம் நிறுத்திவிடும்.

"இது ஊர்ல இருக்கற காய்ச்சல் இல்லைங்க. என்கிட்ட சொன்ன காய்ச்சல். சொல்லாம விட்டாலும் கோடு இறங்கும்."

கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த தையல்காரர் எழுந்தார்.

"இதுல நான் எந்தப் புள்ளிம்மா?"

"உங்களுக்குக் காய்ச்சலா?"

"கரண்ட் இல்லாத வாரம். எழுந்து தண்ணி குடிக்கக்கூட முடியல. நீங்க கதவத் தட்டுனது கேட்டுச்சு. குரல்தான் வரல."

பதில் வராத வீடு என்று அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது அவளுக்கு நினைவிருந்தது. அந்த வாரத்துப் புள்ளியை அழித்து ஒரு கட்டம் மேலே வைத்தாள். சறுக்கிய கோடு நடுவில் முழங்காலை மடக்கி நின்றது.

"ஒத்த ஆளுக்கே இவ்வளவா!" என்றார் மளிகைக்காரர். அவருடைய மனைவி முழங்கையால் இடித்தாள்.

"நம்ம பொண்ணு நேத்திலேர்ந்து அனலா கொதிக்கறா. அதச் சொல்லுங்க. தண்ணிய நாளைக்கும் பிடிச்சுக்கலாம்."

தரையில் கிடந்த கடைசிப் புள்ளியும் எழுந்தது. அதன்பின் இன்னும் இரண்டு பேர் தலைகுனிந்தபடி தங்கள் வீட்டுக் காய்ச்சலைச் சொன்னார்கள். மேலிடத்துக்குக் காட்ட இது போதும், முகாம் தப்பியது. மளிகைக்காரர் வீட்டுக்கு அப்போதே வருவதாகச் சொன்னாள்.

கூட்டம் கலைந்தது. வராந்தாவில் மிஞ்சியது அவளும், தாளின் மறுமுனையைப் பிடித்துச் சுருட்டிக் கொடுத்த தையல்காரரும்தான்.

"நாளைக்கு எங்க தெருவாம்மா? இப்ப எனக்குக் காய்ச்சல் இல்ல. வந்து என்ன எழுதுவீங்க?"

"பூஜ்யம்னு எழுதுவேன். பாக்காம அத எழுத முடியாதுங்களே."

"அப்ப கதவத் திறந்தே வெக்கறேன்," என்றார் அவர்.