தண்ணி குடிக்கிற பனியன்

ஐந்து பார்சலைக் கொடுத்துவிட்டு வண்டிக்குத் திரும்பியபோது பனியன்காரருக்குப் பல் தந்தியடித்தது. படியேறும்போது அடுப்புக்குள் தலையை விட்டது போல இருந்தது. இப்போது முதுகில் யாரோ ஐஸ் கட்டியை வைத்து ஒத்தடம் கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

"என்னண்ணே, ஆடுறீங்க? பாட்டு ஏதும் ஓடுதா?" என்றான் வண்டி ஓட்டுகிற மீசை.

"வண்டியை எடுப்பா. ஹீட்டரைக் கூட்டு."

"கூட்டுனா திரும்ப வேர்க்கும். அடுத்த வீடும் நாலு மாடி. லிஃப்ட் கிடையாது."

மீசைக்கு இந்தக் குளிர் நாட்டில் இது ஆறாவது குளிர்காலம். பனியன்காரருக்கு முதல். ஊரில் இருபது வருஷம் பனியன், ஜட்டி மொத்த வியாபாரம் செய்தவர். கடை நொடித்த பிறகு, இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற மனைவியோடு வந்து சேர்ந்தார். வேலை கிடைக்காமல் மாசக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குறையை ஈடுகட்ட மனைவி ஓய்வு நாளிலும் டியூட்டி பார்த்தாள். பார்சல் கம்பெனியில் இந்த ஒரு வாரம் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். தேறினால் வேலை. அவளும் ஒரு நாளாவது காலை நீட்டிப் படுப்பாள். தேறாவிட்டால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

முதல் நாள் ஒரு பனியன், சட்டை, ஸ்வெட்டர், மேலே பெரிய கோட்டு. குளிர் தாங்கவில்லை. மறுநாள் இரண்டு பனியன், அதற்கு மேல் பருத்தி டி-சர்ட்டும். அதற்கும் மறுநாள் வெங்காயம் மாதிரி ஆகிவிட்டார். கையைத் தூக்கினால் கோட்டு கூடவே எழும்பியது. காலுக்கு மூன்று ஜோடி சாக்ஸ் போட்டு ஷூவுக்குள் திணித்திருந்தார். சேர்க்கச் சேர்க்கக் குளிர் கூடிக்கொண்டே போவதுதான் அவருக்கு ஆத்திரமாக இருந்தது. போர்வை போர்த்தினால் சூடு வரணும், அதுதானே நியாயம்?

இன்று வியாழன். நாலாவது மாடியில் ஒரு அம்மாள் கதவைத் திறந்து கையெழுத்துப் போடக் காத்திருந்தாள். பனியன்காரரின் கையில் இருந்த கருவியை விரல் அழுத்த மறுத்தது. விரல் இருக்கிறதா, போயே போய்விட்டதா என்றே தெரியவில்லை. தடவித் தடவிப் பார்த்ததில் கக்கத்தில் இருந்த அடுத்த வீட்டுப் பார்சல் நழுவி, படி படியாகக் குதித்துக் கீழே போய் நின்றது. உள்ளே என்னவோ சலசலத்தது.

இருட்டும்போது வண்டியில் பாதிப் பார்சல் மிச்சம்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நாளைக்கும் இப்படியே போச்சுன்னா ஆபீஸ்ல நான் உண்மையைத்தான் சொல்லியாகணும்" என்றான் மீசை. "இத்தனை துணி எதுக்குண்ணே? முதுகைத் தொட்டுப் பாருங்க, பிழியலாம்."

"துணியைப் பத்தி என்கிட்ட நீ சொல்றியா?"

"சொல்லல சாமி."

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியதும் மனைவி மூக்கைச் சுளித்தாள். அவர் ஒவ்வொன்றாக உரிக்க உரிக்க அவள் வாங்கி நாற்காலியில் போட்டாள். கடைசியாக இரண்டு பனியனும் வந்தன. அவள் அவற்றைப் பாத்ரூமில் பிழிந்தாள். சொட்டு சொட்டாக இல்லை, ஒழுகியது.

"என்னங்க, இதையா நாள் பூரா உடம்புல ஒட்டிக்கிட்டு அலைஞ்சீங்க? காய்ச்சல்காரங்களுக்கு ஈரத்துணி போடுற மாதிரி உங்களுக்கு நீங்களே போட்டிருக்கீங்க."

"கோட்டு சரியில்ல. காத்து நுழையுது."

"கோட்டைக் குறை சொல்லாதீங்க. வந்த அன்னைக்கே ரெண்டு சட்டை வாங்கி வச்சேன்ல, மெல்லிசா, உடம்போட ஒட்டுற மாதிரி? அதைப் போட மாட்டேங்கிறீங்க."

"அது நைலான். ப்ளாஸ்டிக் பையை எவனாவது உடம்புல போடுவானா? இருபது வருஷம் பருத்தி வித்தவன்டி நான்!"

"கடையை மூடி ரெண்டு வருஷமாச்சு" என்றாள் அவள். சொன்ன பிறகு அவளுக்கே என்னவோ போலிருந்தது. சோறு போட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள்.

பனியன்காரர் தட்டைத் தள்ளிவைத்தார். யார் சரி என்று காட்டிவிடலாம் என்று எழுந்தார். ஊர்க்கடையில் அவர் தினம் காட்டுகிற வித்தை ஒன்று உண்டு. கல்லா மேஜையில் பனியனை விரித்து, சொம்பிலிருந்து ஒரு மிடறு தண்ணீரை ஊற்றுவார். "பாருங்க, எப்படி குடிக்குது பாருங்க! உடம்புல வேர்வையே நிக்காது. ஃபேன் போட்ட மாதிரி இருக்கும்!" என்பார். வாடிக்கையாளர் டஜன் கணக்கில் எடுத்துப் போவார்.

சமையல் மேஜையில் அலமாரியிலிருந்து எடுத்த பனியன் ஒன்றையும் அவள் வாங்கிய மெல்லிசு சட்டை ஒன்றையும் விரித்தார். இரண்டின் மேலும் ஒரே அளவு தண்ணீரை ஊற்றினார். பனியன் குடித்தது, எப்போதும் போல. அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நைலானில் தண்ணீர் பரவி ஓடியது. "பாத்தியா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இரண்டையும் பிழிந்து நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டுப் படுத்தார்.

காலையில் நைலான் சட்டை காய்ந்து கிடந்தது. பனியன் சில்லென்று, நேற்றைய முதுகைப் போலவே இருந்தது.

இரண்டையும் கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார். ஃபேன் போட்ட மாதிரி இருக்கும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! பொய்யே சொல்லவில்லை. பனியன் குடித்த வேர்வையை விடாமல் வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும். அதற்காகத்தான் அதை விற்றார். இங்கேயும் பாவம், அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. ஒன்றுக்கு மூன்றாக ஃபேனைக் கட்டிக்கொண்டு பனியில் நடந்தவர் அவர்.

"என்னங்க, நேரமாச்சு" என்றாள் மனைவி வாசலில் நின்று.

"அந்த ப்ளாஸ்டிக் பையை எடு" என்றார் எரிச்சலோடு. அது அவர் கையில்தான் இருந்தது.

உள்ளே மெல்லிசு சட்டை, மேலே கம்பளிச் சட்டை ஒன்று, அதற்கு மேல் அதே கோட்டு. சாக்ஸ் ஒரே ஜோடி, கனத்த கம்பளி. ஷூவுக்குள் விரலை ஆட்ட முடிந்தது. தோள்பையில் மாற்றிக்கொள்ள இன்னொரு மெல்லிசு சட்டை. தெருவில் இறங்கியதும் குளிர் அறைந்தது. இன்னொன்று போட்டால் என்ன என்று கை துடித்தது.

"லேசா குளிருதாண்ணே?" என்றான் மீசை.

"குளிருது. என்ன இப்போ?"

"அப்ப சரியா போட்டிருக்கீங்க. முதல் மாடிக்குள்ள சரியாயிடும். ஏறுறதுக்கு முன்னாடி குல்லாவைக் கழட்டுங்க, ஜிப்பை இறக்குங்க. இறங்கி வந்ததும் ஏத்திக்குங்க."

நாலு நாளாக இதைச் சொல்லாமல் எங்கே வைத்திருந்தாய் என்ற கேள்வி வாய் வரை வந்தது. சொன்னால் கேட்டிருப்போமா என்பதும் கூடவே வந்ததால் வண்டியில் ஏறிக்கொண்டார்.

அன்று முழுக்க ஜிப்பை இறக்குவதும் ஏற்றுவதுமே ஒரு தனி வேலையாக இருந்தது. குல்லாவை ஒரு வீட்டு மாடியில் மறந்துவிட்டுத் திரும்ப ஏறினார். மத்தியானம் வண்டிக்குள் ஒடுங்கி உட்கார்ந்து உள்சட்டையை மாற்றும்போது முழங்கை கதவில் இடித்தது. "சனியன்" என்றார் பத்து தடவையாவது. ஆனால் விரல் அழுத்தியது. பார்சல் விழவில்லை. வண்டி காலியான பிறகுதான் திரும்பினார்கள். திங்கட்கிழமையும் வரச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் சட்டையைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார். அவள் முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பினாள்.

"ஐயே, என்ன நாத்தம்!"

"சொன்னேன்ல? பருத்தின்னா இப்படி நாறுமா?"

"நாறட்டும். தொவைச்சுக்கலாம்" என்று வாளியில் போட்டாள். "ஞாயித்துக்கிழமை டியூட்டிக்கு வரலைன்னு சொல்லிடவா?"

"சொல்லு" என்றார் அவர். அலமாரியைத் திறந்து, டஜன் டஜனாக மடித்து வைத்திருந்த பனியன்களை வெறித்துப் பார்த்தார். ஒன்றை உருவிக்கொண்டு போய், ஷூவிலிருந்து தரையில் வடிந்திருந்த பனித்தண்ணீரின் மேல் போட்டார்.

ஒரே இழுப்பில் குடித்தது.