ஏற்றிய பிறகு எவ்வளவு?

என் கணவர் நாதனுக்குக் கார் என்றால் கறுப்பாக இருக்க வேண்டும், ரிம் பெரிதாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் கிடக்கிற மனிதர். ஆனாலும் ஜெலுத்தோங்கில் அந்தப் பழைய கார் கடைக்குள் நுழைந்ததும் நேராகக் கறுப்பு வண்டிக்குத்தான் போனார். என்னையும் சக்கர நாற்காலியையும் வாசலிலேயே விட்டுவிட்டார். பத்தடி நடக்க முடியாது என்று வீட்டில் சொன்னவர் அவர்தான்.

நான் கையில் ஒரு குச்சி வைத்திருந்தேன். தரை துடைக்கும் மொப்பின் உடைந்த கட்டையை அறுத்து எடுத்தது. சரியாகப் பத்தொன்பது சென்டிமீட்டர்.

அந்தப் பத்தொன்பதுக்கு ஒரு கதை உண்டு. சுங்கை பாக்காப்பில் செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தாமான் குடியிருப்பு. வெளியே போக ஒரே சாலை. அதன் நடுவே ஒரு பள்ளம், பள்ளத்துக்குப் பக்கத்தில் பெரிய வாய்க்கால். இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் வாய்க்கால் நிரம்பிச் சாலை மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். செம்பனை லொரிகள் ஏறி ஏறித் தாரைப் பெயர்த்து வைத்திருப்பதால், தண்ணீருக்கு அடியில் எங்கே குழி என்று யாருக்கும் தெரியாது.

போன நவம்பரில் அப்படித்தான் ஆனது. அன்று ஓட்டியவர் நாதன். "முழங்கால் தண்ணிகூட இல்லலா" என்று சொல்லி, எங்கள் பழைய செடானை வேகமாக விட்டார். முன்னால் அலை எழும்பி பானெட் மேல் ஏறியது. இஞ்சின் ஒரு முறை இருமி நின்றது. காற்று உறிஞ்சுகிற குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. அன்றைய டயாலிசிஸ் போயிற்று. மறுநாள் மாலை மூச்சு விட முடியாமல் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரலில் நீர். இனி ஒரு தடவை தவறவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

முழங்கால் தண்ணீராம்! நாதன் ஆறடி. அவர் முழங்காலும் என் முழங்காலும் ஒன்றா? ஊரில் ஆளுக்கொரு முழங்கால் இருக்கிறது. அதனால் அடுத்த மழைக்கு நானே கட்டையோடு போய் நின்றேன். பள்ளத்தின் நட்டநடுவில் ஈரம் ஏறிய இடத்தில் கோடு போட்டு, டேப் வைத்து அளந்தேன். பத்தொன்பது. அந்த மாதமே கார் ஓட்டவும் கற்றுக்கொண்டேன். இரண்டாவது தடவையில் லைசென்ஸ் கிடைத்தது.

கடைக்காரர் அப்துல் ரஹீம் நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"தங்கச்சி, இது உயரமான காடி. அடிக்கும் தரைக்கும் இருபது சென்டி. புக்குலயே போட்டுருக்கான் பாருங்க. பத்தொம்பது இஞ்சி ரிம். பாஞ்சீர், வெள்ளம்னா இதுதான் லாயக்கு."

நாதன் பானெட்டைத் தடவிக்கொண்டே, "கேட்டியா லீனா?" என்றார்.

நான் பெட்டி அட்டை ஒன்றைத் தரையில் விரித்துப் படுத்தேன். "அக்கா, டிரஸ் அழுக்காவும்" என்று கடைக் கணக்குப் பிள்ளை சலேஹா பதறினாள். அழுக்கானால் துவைக்கலாம். குச்சியை நிமிர்த்திப் பிடித்து, வண்டிக்கு அடியில் முன்னிருந்து பின்வரை நகர்த்தினேன். எங்கேயும் இடிக்கவில்லை. புகைக்குழாய்தான் எல்லாவற்றிலும் தாழ்வு. அதற்கும் குச்சிக்கும் நடுவே ஒரு விரல் போனது.

"பாஸ்!" என்றார் நாதன், ஏதோ அவரே பரீட்சை எழுதியதுபோல.

எழுந்து டயரைப் பார்த்தேன். ரிம் தாம்பாளம் மாதிரி இருந்தது, ரப்பர் ஒரு பட்டையாகச் சுற்றியிருந்தது. ரிம் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தேன். பத்து சென்டிமீட்டர் சொச்சம். பக்கத்தில் தோட்டத்து மேனேஜர் யாரோ விற்றுவிட்டுப் போன சாம்பல் நிற வண்டி நின்றது. அசிங்கம் என்றே சொல்ல வேண்டும். கதவில் கீறல், பதினாறு அங்குல இரும்பு ரிம். ஆனால் அதன் ரப்பர் பதினான்கு இருந்தது. இரண்டு சக்கரத்தின் முழு உயரத்தையும் அளந்தேன். ஒரு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை.

"என்னண்ணே, ரிம் மூணு இஞ்சி பெருசு. சக்கரம் அதே உயரம்தானே இருக்கு?"

அப்துல் ரஹீம் சிரித்தார். "ரிம்ம பெருசாக்குனா ரப்பர கொறைச்சிருவாங்க தங்கச்சி. மொத்த சக்கரம் பெருசானாத்தான் காடி ஏறும். அதுலயும் பாதிதான் ஏறும். ரிம்மு அழகுக்கு."

"குழியில விழுந்தா?"

"ரப்பர் தடிமனா இருந்தா அது வாங்கிக்கும். மெல்லிசா இருந்தா ரிம் அடி வாங்கும். நெளிஞ்சிரும், டயர் பக்கத்துல வெட்டிக்கும்." சொல்லிவிட்டு நாதன் முகத்தைப் பார்த்தார். "மெதுவா ஓட்டுனா ஒண்ணும் ஆவாது."

நாதன் என்னிடம் தணிந்த குரலில் பேசினார். அது எனக்கு வலித்தது. "உடம்புதான் இப்படி ஆயிருச்சி. காடியாவது பாக்க நல்லா இருக்கட்டுமே. அந்த ஓட்ட காடியில போயி எறங்குனா, பாக்கறவன் என்ன நெனைப்பான்?"

குச்சியும் அடியில் இடிக்காமல் போய்விட்டது, மெதுவாகவும் ஓட்டலாம். சலேஹா புக்கிங் பாரத்தை எடுத்து வந்தாள். முதல் வரியில் என் பெயரையும் எழுதிவிட்டேன்.

"இதோட வெய்ட் எவ்வளவுண்ணே?" என்று நாதன் சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

அந்த ஒரு வார்த்தையில் என் பேனா நின்றது. வெய்ட் என்றதும் எனக்கு டயாலிசிஸ் நர்ஸ் பெவர்லி ஞாபகம் வந்தாள். முதல் வாரம் நான் நாதனின் எடையை நோட்டில் எண்ணாக மட்டும் எழுதிக் கொடுத்தபோது அவள் திட்டினாள். "முன்னாலயா பின்னாலயா? தண்ணி ஏறுன வெய்ட்டா, காஞ்ச வெய்ட்டா? அத எழுதாம நம்பர மட்டும் குடுத்தா நான் என்னக்கா செய்யறது?" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த எடைக்கும் இரண்டு எண்.

"அண்ணே, இந்த இருபது சென்டி காலி காடிக்கா, ஆள் ஏறுன பிறகா?"

அப்துல் ரஹீம் தலையைச் சொறிந்தார். "புக்குல போடுறது காலி காடிக்குத்தான் தங்கச்சி."

"காலி காடி டயாலிசிஸுக்குப் போவாதே."

எங்கள் இருவரோடு பக்கத்து வீட்டு ரமணி அக்காவும் அவர் கணவர் சுப்பையாவும் வருவார்கள். ரமணி அக்காவுக்கும் அதே நேரத்தில்தான் டயாலிசிஸ். ஆகவே நாலு பேர், ஒரு சக்கர நாற்காலி. புக்கிங் பாரத்தை மடித்து சலேஹா கையில் கொடுத்துவிட்டு எல்லோரையும் ஏறச் சொன்னேன். முன்னால் நாதனும் கார் கழுவுகிற பையன் அஃபிக்கும், பின்னால் அப்துல் ரஹீமும் சலேஹாவும். நாற்காலியைப் பின்பெட்டியில் போட்டேன். பின்பக்கம் கண்ணெதிரே இறங்கியது. மறுபடி படுத்துக் குச்சியை நகர்த்தினேன். புகைக்குழாயில் டக்கென்று இடித்து விழுந்தது.

டேப் பதினாறு காட்டியது. சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்பிரிங் அமுங்கி, ரப்பர் முட்டுக்கட்டைக்கு இரண்டு விரல்தான் மிச்சம் இருந்தது.

"இந்த ரெண்டு விரல் எதுக்குண்ணே?"

அவர் இறங்கி வந்து குனிந்தார். இப்போது விற்கிற குரல் இல்லை. "சக்கரம் மேல ஏறியெறங்க அவ்வளவுதான் எடம். குழிய விட்டு ஏறும்போது அதுவும் முடிஞ்சிரும். ஸ்பிரிங் ரப்பர்ல இடிக்கும், அடி தரையில தேயும்." கொஞ்சம் நின்று, "அந்த சாம்பல் காடிய பாருங்க தங்கச்சி. தோட்டத்துக்குன்னு பின்னால கெட்டி ஸ்பிரிங் போட்டது" என்றார்.

அதே நாலு பேரை அதில் ஏற்றினேன். புத்தகத்தில் இருபத்திரண்டு. ஆள் ஏறியபின் இருபது. முட்டுக்கட்டைக்கு நாலு விரல் இருந்தது. ஒரு மூலையை ஜாக்கியில் தூக்கச் சொன்னேன். சக்கரம் வெகுநேரம் தரையை விடாமல் கீழே தொங்கி வந்தது. குழியில் இறங்கினாலும் பிடி விடாது.

சலேஹாவிடமிருந்து பாரத்தைத் திரும்ப வாங்கிச் சாம்பல் வண்டிக்கு எழுதிக் கொடுத்தேன். வீடு திரும்பும்போது கடல் பாலம் தாண்டும் வரை நாதன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த வாரம் முழுக்க சாம்பல் வண்டிக்கு "சவப்பெட்டி" என்று பெயர் வைத்துக் கூப்பிட்டார். நானும் விட்டுக் கொடுக்கவில்லை. அந்தச் சவப்பெட்டியில்தான் உயிரோடு போய் வரப் போகிறீர்கள் என்று சொன்னேன்.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் நாள். காலை ஒன்பது மணிக்கே பள்ளம் நிறைந்துவிட்டது.

"இன்னைக்கி விட்ருவோம் லீனா," என்றார் நாதன் கட்டிலில் படுத்தபடி. "என் ஒருத்தனுக்காக நீ தண்ணில எறங்கணுமா? போனா போவுது."

இதற்குத்தான் நான் ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன். தண்ணீரை அளக்கலாம், காரை அளக்கலாம். 'போனா போவுது' என்கிற மனிதரை எந்தக் குச்சியால் அளப்பது? சப்பாத்தை மாட்டிக்கொண்டு பள்ளத்துக்கு நடந்தேன்.

தண்ணீர் ஓடவில்லை, தேங்கித்தான் நின்றது. ஓடியிருந்தால் திரும்பியிருப்பேன். வண்டி போகிற அகலத்துக்கு, அடிக்கு அடி கால் வைத்துக் குழி தேடினேன். இடப்பக்கம் ஒன்று இருந்தது, சுற்றிப் போக இடமில்லை. மற்ற இடங்களில் ஆழம் பதினெட்டு. இருபதுக்கும் பதினெட்டுக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர்.

வீட்டுக்கு வந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். "ரெண்டு சென்டி இருக்கு. நான் ஓட்டுவேன். அதுக்கு மேல உங்க இஷ்டம்."

ரமணி அக்காவும் சுப்பையாவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். நான் வண்டியைக் கிளப்பிக் காத்திருந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். பின்பக்கம் ஏதோ சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

நாதன் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பின்பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தார். நேற்று வாங்கிய அரிசி மூட்டையை இழுத்துக் கீழே போட்டார். என் கருவிப் பெட்டியைப் போட்டார். கடைசியாகச் சக்கர நாற்காலியை இழுத்தார்.

"என்ன செய்யறிங்க?"

"ஏத்துனா எறங்கும்னு நீதானே சொன்ன? எறக்குனா ஏறும்ல?"

"நாற்காலி இல்லாம அங்க எப்படி?"

"நடந்துருவேன்லா," என்றார். மூச்சு வாங்கியது. "காடி கொஞ்சம் ஏறிருச்சா பாரு."

நாற்காலி பதினைந்து கிலோ. அதை எடுத்ததில் வண்டி மூன்று மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் அதிகம். கண்ணுக்குத் தெரியாது. நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன்.

"நல்லா ஏறிருச்சிங்க," என்றேன்.

முதல் கியரில், மனிதன் நடக்கிற வேகத்தில் இறங்கினேன். அலை எழும்ப விடவில்லை, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவும் இல்லை. நடுவில் இடது சக்கரம் குழியில் விழுந்தது. ரமணி அக்கா மாதாவைக் கூப்பிட்டார். வண்டி சாய்ந்தது, அமுங்கியது, எதுவும் தரையில் உரசாமல் மேலே எழுந்தது. அடுத்த நிமிடம் சக்கரத்துக்குக் கீழே தார் இருந்தது.

பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல மிதித்து ஈரத்தைப் போக்கினேன். ஓரமாக நிறுத்திக் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று சிக்னல் போட்டேன்.

நாதன் மணியைப் பார்த்தார்.

"எதுக்கு நிப்பாட்டுற? நேரமாச்சி," என்றார். "அழுத்து லீனா."